காமன் ஆப்ல Submitted, காலேஜ் போர்டல்ல Awaiting. எதை நம்புறது?

திவ்யா_எஸ்எஸ் | ஜனவரி 9, இரவு 10.40

வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருக்கேன், ஃபார்ம் சிக்ஸ். அமெரிக்காவுல நாலு காலேஜுக்கு காமன் ஆப் வழியா போட்டிருக்கேன், ஒரே வெப்சைட்ல இருந்து பல காலேஜுக்கு அனுப்புற இடம் அது. ரெண்டு காலேஜை அக்டோபர்லயே லிஸ்ட்ல சேர்த்துட்டேன், மத்த ரெண்டும் டிசம்பர்ல ஒரு அக்கா சொல்லி சேர்த்தது. நாலையும் டிசம்பர் 30ஆம் தேதி ஒரே நாள்ல அனுப்பினேன். வீட்டு லைன் அடிக்கடி படுத்துடும், அதனால டவுன்ல சித்தி வீட்டுக்குப் போய் உக்காந்து அனுப்பினது.

இப்ப ஒவ்வொரு காலேஜும் தனியா ஒரு போர்டல் லிங்க் கொடுத்திருக்கு. அதுல பாத்தா முதல் காலேஜ்ல எல்லாம் பச்சை டிக். ரெண்டாவதுல டீச்சர் லெட்டர் வந்துருச்சு, ஆனா ஸ்கூல் மார்க் இருக்குற ட்ரான்ஸ்கிரிப்ட் Awaiting. மூணாவது நாலாவதுல கவுன்சலர் அனுப்பினது எல்லாம் வந்துருச்சு, டீச்சர் லெட்டர் மட்டும் Awaiting. நாலாவதுல இங்லீஷ் டெஸ்ட் ஸ்கோரும் வரலையாம்.

காமன் ஆப்ல போய் பாத்தா பயாலஜி சாரும் மேத்ஸ் சிக்குவும் Submitted-னு தெளிவா இருக்கு. சார்கிட்ட கேட்டேன், "நான் அக்டோபர்லயே அனுப்பிட்டேன்மா, இன்னும் எத்தனை தடவை அனுப்பச் சொல்ற"னு கொஞ்சம் கோவமாத்தான் சொன்னாரு. மறுபடி கேக்க பயமா இருக்கு. யார் சொல்றது சரி? டெட்லைன் ஒண்ணு தாண்டிருச்சு, ஒண்ணு 15ஆம் தேதி.

மணியம் அங்கிள் | இரவு 11.05

மகளே, இதுக்கெல்லாம் லெட்டர் எதுக்கு? நம்ம அரசாங்க யூனிவர்சிட்டிக்கு யூபியூ ஆன்லைன்ல என் மகன் போட்டப்போ எந்த டீச்சரும் லெட்டர் கொடுக்கல. தொண்ணூறு பர்சன்ட் ரிசல்ட், பத்து பர்சன்ட் கோகு, அவ்வளவுதான். யாரோ உன்னை ஏமாத்துறாங்க போல, காசு கீசு கட்டிடாதே.

திவ்யா_எஸ்எஸ் | இரவு 11.12

அங்கிள், இது யூபியூ இல்ல, அமெரிக்கா காலேஜுக்கு. யூபியூவும் போடத்தான் போறேன் அங்கிள்.

மணியம் அங்கிள் | இரவு 11.15

ஓ சரி சரி. கண்ணாடி போடாம படிச்சேன். அப்ப தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

கோபி77 | இரவு 11.31

தங்கச்சி, நீ ஆரம்பத்துலயே ஒரு தப்பு பண்ணிட்ட போல. மாணவர் ரெக்கார்டைப் பத்தின அந்த FERPA சட்டத்துப் பக்கத்துல லெட்டரைப் பாக்குற உரிமையை விட்டுக்கொடுக்குறேன்னு டிக் பண்ணியிருப்பே. அதனாலதான் உனக்கு எதுவும் காட்டல. விட்டுக்கொடுக்கலைன்னு போட்டிருந்தா லெட்டரைத் திறந்தே பாத்திருக்கலாம், போச்சா இல்லையானு தெரிஞ்சிருக்கும். அது சட்டம் கொடுக்குற உரிமை, சும்மா விடக்கூடாது. நான் விடல.

தோட்டத்துப்பையன் | ஜனவரி 10, காலை 6.50

திவ்யா, பயப்படாதே. சாரும் பொய் சொல்லல, போர்டலும் பொய் சொல்லல. நான் அங்க படிச்சப்போ ரெண்டு வருஷம் காலேஜ் அட்மிஷன் ஆபிஸ்லதான் பார்ட் டைம் வேலை பாத்தேன். வர்ற பேப்பரையும் ஃபைலையும் எந்த பையனோடது எந்த பொண்ணோடதுனு சேர்த்து வைக்கிற வேலை. உன் நாலு காலேஜுலயும் நடந்தது ஒரே பிரச்சனை இல்ல, குறைஞ்சது ரெண்டு, ஒருவேளை மூணு.

முதல்ல டீச்சர் லெட்டர். காமன் ஆப்ல டீச்சரை Invite பண்றது ஒரு வேலை, Assign பண்றது இன்னொரு வேலை. Invite ஒரு தடவைதான், அவருக்கு மெயில் போகும், அவர் அக்கவுண்ட் திறந்து லெட்டரை ஏத்துவாரு. ஆனா அந்த லெட்டர் எந்தெந்த காலேஜுக்குப் போகணும்னு நீதான் ஒவ்வொரு காலேஜ் பக்கத்துலயும் போய், Recommenders and FERPA-னு இருக்குற இடத்துல, அவர் பேரைத் தேர்ந்தெடுத்து Assign அமுக்கணும். கவுன்சலருக்கு இந்த வேலை இல்ல, அவரை ஒரு தடவை கூப்பிட்டா நீ சேர்க்குற எல்லா காலேஜுக்கும் தானா போயிடும். உன் மூணாவது நாலாவது காலேஜ்ல கவுன்சலரோடது வந்து டீச்சரோடது மட்டும் வரலைன்னு நீ எழுதினதைப் பாத்ததுமே எனக்கு இதுதான் தோணுச்சு. அக்டோபர்ல லிஸ்ட்ல ரெண்டு காலேஜ்தான் இருந்துச்சு, அந்த ரெண்டுக்கு Assign பண்ணியிருப்பே. டிசம்பர்ல சேர்த்ததுக்கு மறந்திருப்பே. சாருக்கு அது தெரியவே தெரியாது, அவர் பக்கத்துல வேலை முடிஞ்சது.

அப்ளிகேஷன் அனுப்பின பிறகும் Assign பண்ணலாம். அவர் ஏற்கனவே ஏத்திட்டதால மறுபடி எதுவும் செய்ய வேண்டியதில்ல, நீ அமுக்கினா அது அந்த காலேஜுக்கும் போகும். அதனால சாரைத் தொந்தரவு பண்ணாதே. போய் பாத்துட்டு சொல்லு.

கோபி அண்ணே, உங்களுக்கு மதியம் எழுதுறேன், வேலைக்குப் போகணும்.

திவ்யா_எஸ்எஸ் | காலை 7.20

ஐயோ அண்ணே!! ஆமா. மூணாவது நாலாவது காலேஜ் பக்கத்துல டீச்சர்னு இருக்குற இடம் காலியா இருக்கு. முதல் பக்கத்துல சார் பேருக்கு நேரா Submitted-னு இருந்ததால எல்லாத்துக்கும் போயிருச்சுனு நெனச்சேன். இப்பவே ரெண்டு பேரையும் போடப் போனேன், மூணாவது காலேஜ்ல ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு, நாலாவதுல ஒருத்தருக்குத்தான் இருக்கு, ரெண்டாவது ஆளைப் போட முடியல. இது என்ன?

தோட்டத்துப்பையன் | மதியம் 1.10

அது அந்த காலேஜோட கணக்கு. எத்தனை டீச்சர் கட்டாயம், எத்தனை வேணும்னா போடலாம்னு ஒவ்வொருத்தரும் தனியா வச்சிருப்பாங்க. ஒண்ணுனா ஒண்ணுதான், உன்னை நல்லா தெரிஞ்சவரைப் போடு. ஆனா யோசிச்சுப் போடு, லெட்டர் அங்க போயிட்டா அப்புறம் அவரை எடுத்துட்டு இன்னொருத்தரைப் போட முடியாது.

கோபி அண்ணே, நீங்க சொன்னதுல பாதி சரி. FERPA 1974ல அமெரிக்காவுல வந்த சட்டம், மாணவருக்குத் தன்னோட ரெக்கார்டைப் பாக்குற உரிமை கொடுக்குது, அது உண்மை. ஆனா அந்த உரிமை நீங்க அந்த காலேஜ்ல சேர்ந்த பிறகுதான் வரும், அதுவும் அவங்க அந்த லெட்டரை அப்பவும் வச்சிருந்தாத்தான். உங்களை எடுக்காத காலேஜ் காட்டணும்னு கட்டாயம் இல்ல. விட்டுக்கொடுக்கலைன்னு டிக் பண்ணினாலும் காமன் ஆப் உங்களுக்கு லெட்டரைத் திறந்து காட்டாது. அந்தப் பெட்டிக்கும் லெட்டர் போய்ச் சேர்ந்துச்சானு தெரிஞ்சுக்குறதுக்கும் சம்பந்தமே இல்ல.

கோபி77 | மதியம் 1.45

சரி, திறந்து காட்டாதுங்குறதை ஒத்துக்கிறேன், எனக்கும் காட்டலதான். ஆனா எதுக்கு விட்டுக்கொடுக்கணும்? கையில இருக்குற உரிமையை யாராவது தூக்கிப் போடுவாங்களா?

ஜெயா டீச்சர் | மதியம் 3.30

நான் ஜொகூர்ல கவுன்சலிங் டீச்சர், இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு வருஷத்துக்கு மூணு நாலு பேருக்கு அனுப்புறேன். எங்க பக்கத்துல எப்படி இருக்கும்னு சொல்றேன். நீங்க விட்டுக்கொடுத்தீங்களா இல்லையானு எங்களுக்கும் தெரியும், காலேஜுக்கும் தெரியும். பாக்குற உரிமை இருக்குனா சில டீச்சருங்க எழுதவே தயங்குவாங்க, எழுதினாலும் "நல்ல பிள்ளை, ஒழுக்கமான பிள்ளை"னு நாலு வரியோட முடிச்சிடுவாங்க. படிக்கிறவங்களும் அப்படித்தான் எடுத்துக்குவாங்க, இது பிள்ளை பாக்கப்போகுதுனு தெரிஞ்சு எழுதினதுனு. அதனால நான் என் பிள்ளைங்ககிட்ட விட்டுக்கொடுங்கனுதான் சொல்றேன், ஆனா கட்டாயப்படுத்த மாட்டேன்.

இன்னொண்ணு, விட்டுக்கொடுத்தா டீச்சர் காட்டவே கூடாதுனு நெனைக்காதீங்க. கேக்குற உரிமையைத்தான் நீங்க விடுறீங்க, அவங்களா விரும்பி ஒரு காப்பி கொடுத்தா அது தப்பில்ல. நான் சில பேருக்குக் காட்டியிருக்கேன். எங்க ஸ்கூல்லயே ஒரு சிக்கு யாருக்கும் காட்ட மாட்டாங்க, அதுவும் நியாயம்தான்.

திவ்யாம்மா, அந்தப் பக்கத்துல கையெழுத்துப் போட்டதை நீ மாத்த முயற்சி பண்ணாதே. ஒரு தடவை போட்டது நாலு காலேஜுக்கும் சேர்த்துத்தான், லெட்டர் போன பிறகு மாத்துறது பெரிய பாடு.

கோபி77 | மாலை 4.02

டீச்சர் சொன்னா சரி. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பல.

ரவி_பேராக் | மாலை 5.15

இவ்வளவு கஷ்டம் எதுக்கு லா. என் கூட்டாளி ஒருத்தன் டீச்சர் பேர்ல ஒரு ஜிமெயில் திறந்து, அவனே Invite அனுப்பி, அவனே ஏத்திட்டான். லெட்டர் டீச்சர் கையெழுத்துப் போட்ட உண்மையான லெட்டர்தான், அவருக்கு கம்ப்யூட்டர் தெரியாது அதான்.

தோட்டத்துப்பையன் | மாலை 6.40

ரவி, இங்க சின்னப் பிள்ளைங்க படிக்கிறாங்க. லெட்டர் உண்மையா இருந்தாலும் அனுப்பினது டீச்சர் இல்ல, அனுப்பினது நான்தான்னு அந்த ஃபார்ம்ல டீச்சர் பேர்ல கையெழுத்து வேற போட்டிருக்கான். அட்மிஷன் ஆபிஸ் சந்தேகம் வந்தா ஸ்கூலுக்கே போன் போடும். எடுத்த பிறகு தெரிஞ்சாலும் சீட்டைத் திருப்பி வாங்கிடுவாங்க. கம்ப்யூட்டர் தெரியாத சார்னா ஸ்கூல் ஆபிஸ்ல கிராணியோட உக்காந்து அவர் அக்கவுண்டை அவரே திறந்து ஏத்தட்டும், யாரும் பக்கத்துல நின்னு காட்டிக் கொடுக்கலாம், தப்பில்ல.

ரவி_பேராக் | மாலை 6.48

சரி சரி, கேட்டதைச் சொன்னேன். நான் பண்ணல.

ஷாலினி_பஹாவ் | இரவு 8.10

எனக்கும் போன வருஷம் இப்படித்தான், ஆனா வேற காரணம். என் கெமிஸ்ட்ரி சிக்குவோட மெயில்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு. மூணு வாரம் அவங்க வரல வரலைனு சொன்னாங்க, நான் ஸ்பாம் பாருங்கனு சொல்லிச் சொல்லி அவங்க கோவிச்சுக்கிட்டாங்க, கடைசில பாத்தா தப்பு என்னோடது. பழசை எடுத்துட்டு சரியான மெயில்ல மறுபடி கூப்பிட்டேன், பத்து நிமிஷத்துல வந்துருச்சு.

அப்புறம் அவங்க மலாய்லதான் எழுதுவாங்க. இங்லீஷ்ல வேணுமேனு நானே மொழிபெயர்க்கப் போனேன், ஸ்கூல் கவுன்சலர் திட்டினாங்க. பாக்கமாட்டேன்னு டிக் பண்ணிட்டு நீயே உக்காந்து வரி வரியா மொழிபெயர்க்குறியேனு. கடைசில இங்லீஷ் டீச்சர் மொழிபெயர்த்து, சிக்கு ரெண்டையும் சேர்த்து ஏத்தினாங்க. ஆனா உண்மைல எத்தனை பேர் ஸ்கூல்ல அப்படி நேரம் ஒதுக்குவாங்கனு தெரியல. எங்க பக்கத்து ஸ்கூல்ல பிள்ளைங்களே டிராஃப்ட் எழுதிக் கொடுத்து சார் கையெழுத்து போடுறாரு, அதெல்லாம் சரியா டீச்சர்?

ஜெயா டீச்சர் | இரவு 9.00

சரியில்லதான் மா. ஆனா அறுநூறு பிள்ளைக்கு ரெண்டு கவுன்சலர் இருக்குற ஸ்கூல்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். என்னைக் கேட்டா, லெட்டரை எழுதித் தராதீங்க, ஒரு பக்கத்துல நீங்க என்ன செஞ்சீங்கனு குறிப்பு எழுதிக் கொடுங்க. எந்த ப்ராஜெக்ட், எந்தப் போட்டி, அவர் கிளாஸ்ல எப்ப என்ன கேட்டீங்க, வீட்டுல அம்மா அப்பா தோட்டத்துல வேலையா, காலையில பால்மரம் வெட்டப் போனப்புறம் தம்பியை யார் ஸ்கூலுக்கு அனுப்புறது, எல்லாம். அதை வச்சு டீச்சர் அவர் வார்த்தையில எழுதட்டும். அக்டோபர் முதல் வாரத்துலயே கொடுத்துடுங்க, டிசம்பர் லீவு வந்தா யாரையும் பிடிக்க முடியாது.

திவ்யா_எஸ்எஸ் | ஜனவரி 12, இரவு 9.30

அப்டேட். மூணாவது காலேஜ் போர்டல்ல இன்னைக்கு டீச்சர் லெட்டர் ரெண்டும் பச்சை டிக்!!! நாலாவதுல இன்னும் இல்ல. ட்ரான்ஸ்கிரிப்ட் ரெண்டாவதுல அப்படியேதான் இருக்கு, இங்லீஷ் ஸ்கோரும் அப்படியேதான். கவுன்சலர் டீச்சர் நாலுக்கும் ஒரே ஃபைலைத்தான் ஏத்தினேன்னு ஸ்க்ரீன்ஷாட் காட்டினாங்க. மூணுக்கு வந்தது ஒண்ணுக்கு மட்டும் எப்படி வராம போகும்?

தோட்டத்துப்பையன் | இரவு 10.15

நாலாவதுக்கு ரெண்டு மூணு நாள் பொறு, ஜனவரி முதல் ரெண்டு வாரம் அங்க மலை மாதிரி குவிஞ்சிருக்கும். காமன் ஆப்ல Submitted-னா டீச்சர் காமன் ஆப் கையில கொடுத்துட்டாருனு மட்டும்தான் அர்த்தம். காலேஜ் அதை எடுத்து, உன் ஃபைல்ல சேர்த்த பிறகுதான் போர்டல்ல டிக் வரும். இந்த நடு வழிலதான் பாதி விஷயம் மாட்டும்.

இப்ப உன் ட்ரான்ஸ்கிரிப்டுக்கும் ஸ்கோருக்கும் வர்றேன், ஒரு கேள்வி. உன் பேரை எங்கெங்க எப்படிப் போட்ட? காமன் ஆப்ல, டெஸ்ட் அக்கவுண்ட்ல, அப்புறம் அந்த ரெண்டாவது காலேஜ் வெப்சைட்ல முன்னாடியே எப்பவாவது விவரம் கேட்டு ஃபார்ம் நிரப்பினியா?

திவ்யா_எஸ்எஸ் | இரவு 10.40

ஐசில இருக்குற மாதிரி Divya a/p Murugan. காமன் ஆப்ல முதல் பேர் Divya, குடும்பப் பேர்ல Murugan மட்டும் போட்டேன், அந்த a/p என்ன பண்றதுனு தெரியல. டெஸ்ட் அக்கவுண்ட்ல குடும்பப் பேர் A P Murugan-னு போட்டேன், சாய்வுக் கோட்டை அது எடுக்கல. ரெண்டாவது காலேஜ்ல ஆமா, ஜூன்ல பிரசுரம் அனுப்புங்கனு ஒரு ஃபார்ம் நிரப்பினேன், அப்ப பழைய மெயில். பேர் Divya Ap-னு போட்டேன்னு நெனைக்கிறேன்.

தோட்டத்துப்பையன் | இரவு 11.05

அதான். நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு இந்த a/l, a/p-தான் வினை. அங்க இருக்குற கம்ப்யூட்டருக்கு அது மகள்னு தெரியாது, குடும்பப் பேரோட ஒரு துண்டுனு நெனைக்கும். நான் வேலை பாத்தப்போ Ap-னு குடும்பப் பேர் போட்ட ஃபைல் எத்தனையோ வந்து தனியா நிக்கும், ஆளே இல்லாத மாதிரி.

ரெண்டாவது காலேஜ்ல உனக்கு ரெண்டு ரெக்கார்ட் இருக்கும்னு நெனைக்கிறேன், ஜூன்ல வந்தது ஒண்ணு, அப்ளிகேஷன் ஒண்ணு. ட்ரான்ஸ்கிரிப்ட் பழைய ரெக்கார்ட்ல போய் உக்காந்திருக்கலாம். ஸ்கோருக்கு வேற ஒரு இடத்தையும் பாரு, பிறந்த தேதி. அவங்க மாசத்தை முன்னாடி போடுவாங்க. நீ 7/3-னு போட்டா அவங்களுக்கு ஜூலை 3.

கவுன்சலரை மறுபடி ஏத்தச் சொல்லாதே, இன்னொரு காப்பிதான் சேரும். அட்மிஷன் ஆபிஸுக்கு உன் காமன் ஆப்ல இருக்குற அதே மெயில்ல இருந்து ஒரு சின்ன மெயில் போடு. பேரு எப்படி எப்படி இருக்கலாம்னு எல்லாத்தையும் எழுது, பிறந்த தேதி மாசத்தை எழுத்துல எழுது, காமன் ஆப் உனக்குக் கொடுத்த CAID நம்பர், எது வரல, கவுன்சலர் எந்தத் தேதி அனுப்பினாருனு. ஜூன்ல இன்னொரு மெயில்ல ஃபார்ம் நிரப்பினதையும் சொல்லு. ட்ரான்ஸ்கிரிப்டையோ லெட்டரையோ நீ இணைச்சு அனுப்பாதே, உன் கையில இருந்து வந்தா அவங்க எடுத்துக்க மாட்டாங்க. ரொம்ப அவசரம்னா கவுன்சலர் அவங்க ஸ்கூல் மெயில்ல இருந்து நேரா அனுப்பலாம்.

மணியம் அங்கிள் | இரவு 11.20

என் மகனுக்கு பேங்க்ல இதே கதைதான், a/l-ஐ போட்டா ஒரு அக்கவுண்ட், போடாட்டி ஒரு அக்கவுண்ட்.

திவ்யா_எஸ்எஸ் | ஜனவரி 16, இரவு 8.05

ரெண்டாவது காலேஜ் பதில் போட்டாங்க. ரெண்டு ரெக்கார்ட் இருந்துச்சாம், சேர்த்துட்டாங்களாம். ட்ரான்ஸ்கிரிப்ட் டிசம்பர்லயே வந்து கிடக்குது, தாமதம்னு எடுத்துக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. நாலாவதுல சார் லெட்டரும் வந்துருச்சு, டெட்லைனுக்கு முந்தின நாள் டிக் விழுந்துச்சு.

ஸ்கோர் மட்டும் இன்னும் Awaiting. பிறந்த தேதியைப் பாத்தேன், டெஸ்ட் அக்கவுண்ட்ல நான் மாத்திப் போட்டிருக்கேன் அண்ணே, மார்ச் 7 ஜூலை 3 ஆகிடுச்சு. டெஸ்ட் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன், காலேஜுக்கும் பாஸ்போர்ட் காப்பியோட போட்டிருக்கேன். டெஸ்ட் கம்பெனி திருத்தி மறுபடி அனுப்பணுமா, இல்ல காலேஜே கையால சேர்த்துக்குமா?

தோட்டத்துப்பையன் | இரவு 9.10

எங்க ஆபிஸ்ல கையால சேர்ப்போம், பாஸ்போர்ட் காப்பி இருந்தா போதும். உன் காலேஜ் எப்படினு அவங்கதான் சொல்லணும். ரெண்டு பக்கமும் போட்டது நல்லது, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்துட்டு எழுது.

ஷாலினி_பஹாவ் | இரவு 9.40

திவ்யா, சார்கிட்ட போய் லெட்டர் சேர்ந்துருச்சுனு சொல்லிடு. பாவம், அவர் மேலதான் சந்தேகப்பட்டோம்.

திவ்யா_எஸ்எஸ் | இரவு 9.52

சொல்லிட்டேன் அக்கா. "அக்டோபர்லயே சொன்னேனா இல்லையா"னு கேட்டாரு.